பாம்புக்கடி ஜூம் கூட்டம்: நீங்கள் கேட்டவையும் டாக்டர் சொன்னவையும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்த கூட்டத்தின் பதிவு 1 மணி 38 நிமிடம் ஓடுகிறது. சாட்டில் 94 கேள்விகள் வந்தன, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக இன்னும் 17. ஒரே கேள்வியைப் பலர் பல விதமாகக் கேட்டிருந்ததால், சேர்க்கக் கூடியவற்றைச் சேர்த்து இங்கே தருகிறோம். ஒன்று போலத் தெரிந்தாலும் பதில் வேறாக இருந்தவற்றைத் தனியாகவே விட்டிருக்கிறோம். பதிலை எழுதியபின் டாக்டரிடம் படித்துக் காட்டினோம். இரண்டு இடங்களில் பதிவில் கேட்பதும் இங்கே இருப்பதும் வேறாக இருக்கும், அந்தந்த இடத்திலேயே காரணம் சொல்லியிருக்கிறோம். பதிவை மட்டும் கேட்டுவிட்டு அடுத்தவருக்கு அனுப்பியவர்கள் இதையும் சேர்த்து அனுப்புங்கள்.

கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டலாமா?
(31 பேர் கேட்டது. கயிறு, துண்டு, வாழைநார், சைக்கிள் ட்யூப் என்று கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான். பதிவில் 22-ஆவது நிமிடம்.)

கட்டக் கூடாது. இந்த இடத்தில்தான் பதிவில் நெட் விட்டுவிட்டு வந்தது. டாக்டர் சொன்னது "கட்டு போடவே கூடாது". பதிவில் "கட்டு போட" என்பதோடு குரல் அறுந்து, அடுத்த வாக்கியத்தில் மறுபடி வருகிறது. கேட்டவர் யாராவது கட்டச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டிருந்தால், அது நேர் எதிர்.

இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று விரலோ காலோ அழுகிப்போக வாய்ப்பு உண்டு. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்த இடம் ஏற்கனவே வீங்கி, தசை கெடும். அதில் கட்டும் சேர்ந்தால் சேதம் இன்னும் கூடும். செய்ய வேண்டியது வேறு: கடிபட்ட கை கால் அசையாமல் ஒரு குச்சியோ தட்டையான பலகையோ வைத்து, எலும்பு முறிவுக்குக் கட்டுவது போலத் தளர்வாகச் சுற்ற வேண்டும். துணிக்கு அடியில் ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல், வாட்ச் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். மெட்டியைக் கழற்ற யோசிக்கிறார்கள் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

ஏற்கனவே யாரோ இறுகக் கட்டிவிட்டார்கள். அவிழ்த்துவிடலாமா?
(4 பேர்.)

முதல் கேள்வியோடு சேர்க்கலாம் என்றுதான் நினைத்தோம், ஆனால் பதில் மாறுகிறது. வழியில் சட்டென்று அவிழ்க்கக் கூடாது. தேங்கி நின்ற விஷம் ஒரே நேரத்தில் உடம்பில் பாயும் அபாயம் உண்டு. அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டாக்டர் முன்னால்தான் எடுக்க வேண்டும். அங்கே மருந்தும் மூச்சுக்கான ஏற்பாடும் கையில் இருக்கும்.

கீறி ரத்தத்தை வெளியேற்றலாமா? வாயால் உறிஞ்சலாமா? ஐஸ், சுண்ணாம்பு, பெட்ரோல்?
வேண்டாம், எதுவும் வேண்டாம். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது, கீறினால் நிற்காது.

வேப்பிலையோ மிளகோ மென்று பார்த்து, கசக்கவில்லை அல்லது காரம் தெரியவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது என்கிறார்களே?
(11 பேர். சிறியாநங்கை பற்றிக் கேட்ட மூன்று பேரையும் இதில் சேர்த்தோம்.)

நாக்கு கசப்பைச் சொல்வதை வைத்து விஷம் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க முடியாது. விஷம் ஏறியவருக்கும் கசக்கும், பயத்தில் வாய் உலர்ந்தவருக்குக் கசக்காமலும் போகலாம். அதைவிட முக்கியம், நல்ல பாம்பும் கட்டு விரியனும் கடித்தவருக்கு விழுங்கும் தசை தளர்ந்துபோகும். அவர் வாயில் எதைப் போட்டாலும் மூச்சுக்குழாயில் போகலாம். தண்ணீரும் அப்படித்தான். "வீட்டில் மருந்து கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் பார்க்கலாம்" என்கிற அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் பிரச்சினை என்றார் டாக்டர்.

எத்தனை மணி நேரம் தாங்கும்?
(9 பேர். "மூன்று மணி நேரம்" என்று எண் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு.)

டாக்டர் எண் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் போடவில்லை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதே சமயம், "நேரமாகிவிட்டது, இனிப் போய் என்ன" என்று உட்காரவும் கூடாது. மறுநாள் வந்தவருக்கும், ரத்தம் உறையாமலே இருந்தால் மருந்து ஏற்றுவார்கள்.

கடித்த தடமே இல்லை. வலியும் இல்லை. விட்டுவிடலாமா? / விடியற்காலை வயிற்றுவலி பாம்புக்கடியாக இருக்குமா? / தூக்கத்தில் எறும்பு கடித்தது போல இருந்தது, பயப்படணுமா?
மூன்றும் மூன்று பேர் கேட்டது. பார்க்கச் சம்பந்தமே இல்லாத கேள்விகள், டாக்டர் மூன்றுக்கும் சொன்ன பெயர் ஒன்றுதான்: கட்டு விரியன்.

இது ராத்திரியில் நடமாடுகிற பாம்பு. தரையில், திண்ணையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். பல் சிறியது, தடம் தெரியாமல் போகலாம், வீக்கமும் பெரிதாக வராது. விடியும்போது வயிற்றுவலி, வாந்தி. அப்புறம் இமை கனத்து மூடும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசையே நின்றுவிடும். ராத்திரி தரையில் படுத்தவருக்கு விடியற்காலை வயிற்றுவலியும் இமைச் சொருகலும் சேர்ந்து வந்தால், அஜீரணம் என்று சோடா வாங்கிக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இதைத் தடுக்க எளிதான வழி கட்டிலும் கொசுவலையும். கட்டில் இல்லாவிட்டாலும், வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் மடித்துச் செருகினால் போதும்.

பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டுமா?
(14 பேர்.)

வேண்டாம். அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுகிறார். துண்டான பாம்புத் தலையும் கொஞ்ச நேரம் கடிக்கும். தள்ளி நின்று செல்போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் அதற்காக நிற்காதீர்கள். நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே செய்தது. எது கடித்தது என்று தெரியாவிட்டாலும், அறிகுறியைப் பார்த்து ஏற்றுவார்கள்.

களக்காடு, பாபநாசம் பக்கம் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு டாக்டர் ஒன்று சேர்த்துச் சொன்னார். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் குழிவிரியனுக்கும் ராஜநாகத்துக்கும் இந்த மருந்து செய்யப்படவில்லை. அதற்காக வீட்டில் இருந்துவிடாதீர்கள். மூச்சு, சிறுநீரகம், ரத்தம் இவற்றைக் கவனிக்கும் சிகிச்சை ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? 108 வர நேரமானால்?
முதலில் 108-ஐக் கூப்பிட்டு, பாம்புக்கடி என்று தெளிவாகச் சொல்லுங்கள். மருந்து இருக்கிற பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு முதலில். எடுத்த எடுப்பில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கே போக வேண்டும் என்று வழியில் இருக்கும் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகாதீர்கள். முதல் மருந்தை அங்கே ஏற்றிவிட்டு, வென்டிலேட்டரோ டயாலிசிஸோ தேவைப்பட்டால் அவர்களே அனுப்புவார்கள்.

வண்டி வராவிட்டால் பைக்கில் போகலாம். ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் கடிபட்டவர். நடக்க வைக்கக் கூடாது, வயலிலிருந்து ரோடு வரைக்கும்கூட. வாந்தி எடுத்தாலோ மயங்கினாலோ இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள்.

சின்னப் பிள்ளைக்கு மருந்து பாதியா?
(6 பேர். பதிவில் 58-ஆவது நிமிடம்.)

இல்லை, பெரியவருக்கு எவ்வளவோ அதே அளவு. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. மருந்து நடுநிலையாக்க வேண்டியது விஷத்தை, உடம்பின் எடையை அல்ல. பதிவில் இந்தப் பதிலுக்குப் பின்னால் "அப்போ பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைச்சல்" என்று ஒரு குரல் கேட்கும். அது டாக்டர் இல்லை, கூட்டத்தை நடத்திய நான். அடுத்த கேள்வியைப் பார்த்துக்கொண்டே பேசியதில் வந்த பிழை, டாக்டரும் அதைக் கவனிக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கும் மருந்து கொடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

ஒரு ஊசி போட்டால் போதுமா? அலர்ஜி ஆகும் என்கிறார்களே?
ஊசி என்று சொல்கிறோமே தவிர, இது டிரிப்பில் நரம்பு வழியாக ஏற்றுகிற மருந்து. வழக்கமாக முதலில் 8 முதல் 10 குப்பி. அதற்கு முன் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் கடியா என்று பார்க்க, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். சாய்த்துப் பார்க்கையில் உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். "ரத்தத்தை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று சண்டை போட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். அந்த 20 நிமிடம்தான் டெஸ்ட்.

மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது, அதனால் சிலருக்கு அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வரும். அட்ரினலின் பக்கத்திலேயே வைத்துத்தான் ஏற்றுவார்கள். அலர்ஜி பயத்தால் மருந்தே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிப்போகாதீர்கள்.

விஷம் ஏறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் போகலாமா?
கடித்தும் விஷம் இறக்காத பாம்பு உண்டு. ஆனாலும் 24 மணி நேரம் வார்டில் இருங்கள். வீட்டுக்கு வந்தபின் சிறுநீர் குறைந்தாலோ நிறம் மாறினாலோ உடனே திரும்பப் போகணும். கண்ணாடி விரியன் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீட்டைச் சுற்றி பினாயில், பூண்டுத் தண்ணி, உப்பு போட்டால் வராதா?
(19 பேர்.)

இவற்றால் பாம்பு நிற்காது. பாம்பு எலிக்கும் தவளைக்கும் வருகிறது. சுவரோடு ஒட்டி அடுக்கிய விறகு, ஓலை, செங்கலைத் தள்ளி வையுங்கள், நெல் மூட்டையைத் தரையில் போடாதீர்கள். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச ராத்திரி மோட்டார் போடப் போகிறவர்களுக்கு டார்ச்சும் முட்டு வரைக்கும் பூட்ஸும். ரப்பர் பூட்ஸ் வெயிலில் வேகும் என்று ஒருவர் எழுதியிருந்தார், ராத்திரிக்கு மட்டும் போட்டால் போதும் என்றார் டாக்டர். கண்ணாடி விரியன் குக்கர் ஆவி விடுகிற மாதிரி நீளமாகச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் அப்படியே நின்று, எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பின்னால் வாருங்கள்.

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டு மரத்தில் ஏறி நம் பிணம் எரிவதைப் பார்க்குமாமே?
(ஒருவர்தான் கேட்டார், ஆனால் 40 பேர் லைக் போட்டிருந்தார்கள்.)

கொம்பேறி மூக்கனுக்கு விஷமே கிடையாது. மரத்தில் ஏறுவது உண்மை, பல்லியும் ஓணானும் பிடிக்க.