புதிய இன்வெர்ட்டர் பல்பு வரிசை: விலை, குறைந்தபட்ச ஆர்டர், வெளியீட்டுத் தேதிகள்

தேதி: 3 ஆகஸ்ட் 2026

பெறுநர்: நமது விநியோகஸ்தர்கள் அனைவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

மின்சாரம் போனாலும் எரியும் பேட்டரி பல்பு நம்மிடம் எப்போது வரும் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இப்போது வருகிறது. 9 வாட், 12 வாட் என இரண்டு பல்புகளும், 20 வாட் பேட்டன் ஒன்றும் சேர்ந்த இன்வெர்ட்டர் வரிசையில் பல்புகள் செப்டம்பர் 16, புதன்கிழமை முதல் கடைகளில் விற்பனைக்கு வரும், பேட்டனை அக்டோபர் 5 முதல் அனுப்புவோம். முன்பதிவு ஆகஸ்ட் 10 முதல். ஆர்டர் போடும் முன் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிடுங்கள். சாதாரண எல்.இ.டி. பல்பை வாங்கி அடுக்குவது போல இதை வாங்கி அடுக்க முடியாது. விலை, ஆர்டர் அளவு, திரும்பப் பெறும் முறை எல்லாவற்றையும் அதற்கேற்பவே வகுத்திருக்கிறோம்.

முதலில் சரக்கைப் பற்றி. 9 வாட் பல்பில் 2200 எம்.ஏ.எச். லித்தியம் அயான் பேட்டரி ஒன்று உள்ளது. மின்சாரம் இருக்கும்போது வழக்கமான 9 வாட் வெளிச்சம் தரும். மின்சாரம் போனதும் ஏறக்குறைய 2 வாட்டுக்கு இறங்கி மூன்றரை மணி நேரம் வரை எரியும். 12 வாட் பல்பில் அதே பேட்டரி இரண்டு இருப்பதால், அதே நேரத்துக்குக் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். பேட்டன் கடைகளையும் பெரிய அறைகளையும் மனதில் வைத்துச் செய்தது. பேட்டரியில் சுமார் 3 மணி நேரம். பேட்டரியில் எரியும்போது வெளிச்சம் குறையும் என்பதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "ஒன்பது வாட்டுன்னு சொல்லிக் கொடுத்தீங்க, மங்கலா எரியுதே" என்ற பேச்சு பின்னால் வரக் கூடாது. சிறு பெட்டியின் முகப்பிலும் இதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம்.

விலை (ஒரு உருப்படிக்கு, ரூபாயில். முதல் இரண்டு விலைகளுக்கும் வரி தனி, எம்.ஆர்.பி. வரி உட்பட):

9 வாட் பல்பு: உங்களுக்கு 182, கடைக்காரருக்கு 200, எம்.ஆர்.பி. 349. கார்ட்டனுக்கு 50.

12 வாட் பல்பு: உங்களுக்கு 264, கடைக்காரருக்கு 290, எம்.ஆர்.பி. 499. கார்ட்டனுக்கு 40.

20 வாட் பேட்டன்: உங்களுக்கு 437, கடைக்காரருக்கு 480, எம்.ஆர்.பி. 799. கார்ட்டனுக்கு 20.

மூன்றிலும் உங்கள் மார்ஜின் ஏறக்குறைய 10 சதவீதம். சாதாரண பல்பில் உங்களுக்கு நிற்பது 8. இதில் ஒரு கார்ட்டனுக்கு முடங்கும் பணமும் அதிகம், குடோனில் எடுத்துக்கொள்ள வேண்டிய கவனமும் அதிகம். அந்த இரண்டுக்காகத்தான் கூடுதல் 2 சதவீதம். அதைக் கடைக்காரருக்கு விட்டுக்கொடுத்து விலைப் போட்டியில் இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். கடைக்காரர் பக்கம் எம்.ஆர்.பி.யில் ஏற்கனவே தாராளமாக இடம் விட்டிருக்கிறோம்.

இந்த விலை டிசம்பர் 31 வரை மாறாது. அதற்குள் நாங்களே விலையைக் குறைக்க நேர்ந்தால், அன்றைய தேதியில் உங்கள் குடோனில் பிரிக்காமல் இருக்கும் கார்ட்டன்களுக்கு வித்தியாசத் தொகையைக் கிரெடிட் நோட்டாகத் தருவோம். கடைக்குப் போய்விட்ட சரக்குக்கு இது பொருந்தாது.

முதல் ஆர்டருக்கு ஒரு முழு செட் என்று வைத்திருக்கிறோம்: 9 வாட் 4 கார்ட்டன், 12 வாட் 2 கார்ட்டன், பேட்டன் 2 கார்ட்டன். உங்கள் விலையில் மொத்தம் 75,000 ரூபாய், வரி தனி. குறைவான கடைகளுக்குச் சப்ளை செய்பவர்கள் இதில் சரிபாதியை, அதாவது 37,500 ரூபாய்க்கு அரை செட்டை எடுக்கலாம். அதற்குக் கீழே முதல் ஆர்டர் ஏற்பதற்கில்லை, ஏனென்றால் லாரி வாடகை கட்டுப்படியாகாது. அடுத்தடுத்த ஆர்டர்களுக்கு எந்த வகையும் கலந்து 3 கார்ட்டன் போதும்.

இரண்டு செட், மூன்று செட் என்று கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் முறை ஒருவருக்கு ஒரு செட்டுக்கு மேல் அனுப்ப மாட்டோம். சரக்குப் பற்றாக்குறையால் அல்ல. லித்தியம் பேட்டரி சும்மா வைத்திருந்தாலும் மெல்ல மெல்லச் சார்ஜை இழக்கும். முழுக்க இறங்கிய நிலையில் நீண்ட நாள் கிடந்தால் மீண்டும் சார்ஜ் ஏறாமலே போகலாம். தொழிற்சாலையிலிருந்து ஏறக்குறைய பாதிச் சார்ஜில்தான் பெட்டிக்குள் போகிறது. எனவே வாரம் எத்தனை கார்ட்டன் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மறு ஆர்டர் போடுங்கள். மூன்று கார்ட்டன் என்று வைத்திருப்பதே அதற்காகத்தான்.

தேதிகள் இவை. ஆகஸ்ட் 10, திங்கள் முதல் 22, சனிக்கிழமை மாலை 6 மணி வரை முன்பதிவு. இந்த நாட்களில் பதிவாகும் முழு செட்டுக்கு 3 சதவீத அறிமுகத் தள்ளுபடி உண்டு, அதாவது 2,250 ரூபாய். அரை செட்டுக்குத் தள்ளுபடி இல்லை. ஆகஸ்ட் 31 முதல் இரண்டு பல்பு வகைகளும் பதிவு வரிசைப்படி அனுப்பப்படும். செப்டம்பர் 16க்கு முன் கடைகளுக்குப் பில் போட வேண்டாம். ஒரு பகுதியில் முன்னதாகக் கிடைத்துவிட்டால் பக்கத்துப் பகுதி விநியோகஸ்தரின் போன்தான் முதலில் எங்களுக்கு வரும். பேட்டன் மட்டும் அக்டோபர் 5, திங்கட்கிழமை அனுப்பத் தொடங்குவோம். எனவே ஒரே ஆர்டருக்கு உங்களுக்கு இரண்டு பில் வரும்: முழு செட்டில் பல்புகளுக்கு 57,520, பேட்டனுக்கு 17,480, அரை செட்டில் 28,760, 8,740. தள்ளுபடி இரண்டு பில்லிலும் அதே விகிதத்தில் கழியும். கைக்கு வராத சரக்குக்கு யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை.

பழைய பாக்கி இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு பில்லுக்கும் 21 நாள் தவணை. இது உங்கள் தற்போதைய கிரெடிட் வரம்பில் சேராது, தனிக் கணக்கு. பாக்கி உள்ளவர்கள் அதைத் தீர்த்துவிட்டோ, புதிய பில்லுக்கு முன்பணம் கட்டியோ எடுத்துக்கொள்ளலாம். பகுதி எல்லைகளில் எந்த மாற்றமும் இல்லை. ஆன்லைன் தளங்களில் இந்த வரிசையை நேரடியாகப் பட்டியலிட யாருக்கும் அனுமதி இல்லை.

இனி, புகார் எங்கிருந்து வரும் என்பதைப் பார்ப்போம். இந்த வகைப் பல்பில் திரும்பி வருவதில் பெரும்பகுதி பழுதான சரக்காக இருக்காது. பயன்படுத்துபவருக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சுவிட்ச் போட்டிருந்தால்தான் பேட்டரி சார்ஜ் ஆகும். முதல் முறை 8 முதல் 10 மணி நேரம் எரிய விட வேண்டும். வாங்கிப்போய் மாட்டிய அரை மணி நேரத்தில் கரண்ட் போய், பல்பும் சீக்கிரம் அணைந்தால் அது பல்பின் குற்றமல்ல.

அடுத்தது, மெயின் சுவிட்சை இறக்கிச் சோதித்துப் பார்க்கும் பழக்கம். கரண்ட் போயிருக்கிறதா, சுவிட்சை அணைத்திருக்கிறார்களா என்பதை இந்தப் பல்பு வயரின் மறுமுனையில் வேறு இணைப்பு தொடர்கிறதா என்பதை வைத்தே கண்டுகொள்கிறது. மெயினை இறக்கி, வீட்டில் வேறு எந்தக் கருவியும் சுவிட்ச் போடாமல் இருந்தால், பல்பு சுவிட்ச் அணைக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு எரியாமல் இருக்கும். ஒரு மின்விசிறிச் சுவிட்சைப் போட்டால் போதும், எரிந்துவிடும். இதற்கு நேர்மாறான புகாரும் வரும்: சுவிட்சை அணைத்தும் பல்பு அணையவில்லை என்பார்கள். சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் வழியாகத் தொடரும் இணைப்பே காரணம். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சில் மாட்டச் சொல்லுங்கள். டிம்மரிலும், காற்றுப் புகாத மூடிய கண்ணாடிக் கூண்டிலும் மாட்டக் கூடாது. சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைத்துவிடும்.

கடையில் விற்பதற்கு ஒரு எளிய வழி. பல்பைக் கையில் எடுத்து, அடியிலுள்ள இரண்டு ஈய முனைகளையும் ஒரே விரலால் தொட்டால் எரியும். ஹோல்டரில் மாட்டாத பல்பில் மட்டும் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். வயரே இல்லாமல் கைக்குள் எரியும் பல்பைப் பார்த்துவிட்டு விலை கேட்காமல் போகிறவர் குறைவு. இதற்காக முழு செட்டுடன் 10, அரை செட்டுடன் 5 என 9 வாட் டெமோ பல்புகள் இலவசமாக வரும். "விற்பனைக்கு அல்ல" என்று அச்சிட்டவை அவை. முக்கியக் கடைகளுக்கு ஒன்று வீதம் கொடுங்கள்.

வாரண்டி: எல்.இ.டி.க்கும் டிரைவருக்கும் 2 ஆண்டு, பேட்டரிக்கு 1 ஆண்டு, வாடிக்கையாளர் வாங்கிய பில் தேதியிலிருந்து. இரண்டாம் ஆண்டில் பேட்டரி போனாலும் சாதாரண பல்பாக எரியும். அதற்கு மாற்றுப் பல்பு கிடையாது. பழுதானவற்றை இப்போது போலவே மாதம் ஒருமுறை எடுத்துக்கொள்வோம். உடைந்ததோ, பேட்டரி உப்பியதோ, நனைந்ததோ கண்ணில் பட்டால் மட்டும் மாதக் கடைசி வரை காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள். நல்ல சரக்கோடு சேர்த்து அடுக்காமல் தனியாக, வெயில் படாத இடத்தில் வையுங்கள். லித்தியம் பேட்டரி உள்ள சரக்கு என்பதால் எல்லாமே தரை வழியாகத்தான் வரும், அவசரத்துக்கு விமானப் பார்சல் கேட்க வேண்டாம்.

ஒவ்வொரு கார்ட்டனின் பக்கவாட்டிலும் தயாரித்த மாதம் பெரிதாக இருக்கும். முன்னால் வந்ததை முன்னால் அனுப்புங்கள். தயாரித்து 6 மாதம் ஆகியும் பிரிக்காத கார்ட்டன் இருந்தால், எண்ணிக்கை எதுவானாலும் எங்கள் செலவில் எடுத்துக்கொண்டு புதிய சரக்காக மாற்றித் தருவோம். ஏழாவது மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதைத் தாண்டியதை மாற்ற இயலாது.

ஆர்டரை வழக்கமான படிவத்திலேயே, மேலே "இன்வெர்ட்டர் - முழு செட்" அல்லது "இன்வெர்ட்டர் - அரை செட்" என்று குறிப்பிட்டு அனுப்பினால் போதும். பழைய பல்பு ஆர்டருடன் ஒரே தாளில் கலக்க வேண்டாம், பில் போடும்போது தவணை குழம்பும். உங்கள் பகுதி விற்பனை அதிகாரி ஆகஸ்ட் 10க்கு முன் மாதிரிப் பல்புகளுடன் நேரில் வருவார். அன்று உங்கள் விற்பனைப் பையன்களையும் கடையில் இருக்கச் செய்தால் நல்லது. மேலே சொன்ன சுவிட்ச் விவகாரத்தை அவர்களுக்கும் செய்தே காட்டிவிடுவார்.

தங்கள் உண்மையுள்ள,
மேலாளர், விற்பனைப் பிரிவு