அத்தைக்கு: வெறும் மெசேஜ் ஏன் போகுது, எழுத்து ஏன் குழம்புது

அன்புள்ள அத்தை,

போன் கெட்டுப்போச்சான்னு கேட்டிருந்தீங்க. போனும் கெடலை, நீங்களும் எதையும் கெடுக்கலை. தொட்டதுக்கு அது என்ன செய்யணுமோ அதைத்தான் செஞ்சிருக்கு. எங்க தொட்டா என்ன நடக்கும்னு தெரிஞ்சா போதும். இந்தத் தாளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, போனை எடுத்து வாட்ஸ்அப்ல நம்ம குடும்பக் குரூப்பைத் திறங்க. ஒரே நாள்ல எல்லாம் படிக்க வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும்.

ஒண்ணுமே இல்லாம போன மெசேஜ்

கீழே நீளமா ஒரு பெட்டி இருக்குல்ல, அதுலதான் எழுதணும். அதுக்கு வலது பக்கம் பச்சையா ஒரு வட்டம். விஷயம் முழுக்க அந்த வட்டத்துலதான் இருக்கு. பெட்டி காலியா இருந்தா வட்டத்துக்குள்ள மைக் படம் இருக்கும். ஒரே ஒரு எழுத்து அடிச்சாலும் மைக் போயி, காகித ராக்கெட் மாதிரி ஒரு அம்பு வந்துடும். அம்பைத் தொட்டா எழுதினது போகும். மைக்கை அழுத்திப் பிடிச்சா உங்க குரல் பதிவாகும், விரலை எடுத்த உடனே அது கிளம்பிடும்.

எழுதறதுக்கு முன்னாடியே அந்த வட்டத்தைக் கொஞ்சம் அழுத்தமா பிடிச்சிட்டீங்க, அதான் காரணம். எங்க போன்ல அது 0:01ன்னு ஒரு குரல் பதிவா வந்துச்சு. திறந்தா சத்தமே இல்லை. மூணு தடவை அப்படி வந்ததைத்தான் நாங்க ‘வெறும் மெசேஜ்’னு சொன்னோம்.

அழுத்தின விரல் தவறி மேல் பக்கம் நகர்ந்தா ஒரு பூட்டு விழும். அப்புறம் விரலை எடுத்தாலும் பதிவு நிக்காது. ஞாயித்துக்கிழமை 4 நிமிஷப் பதிவு ஒண்ணு வந்துச்சே, அது இப்படித்தான். குக்கர் விசில் மூணு தெளிவா கேட்டுச்சு. இனிமே அப்படி ஆனா பதட்டப்படாதீங்க, அங்கேயே குப்பைத்தொட்டி படம் இருக்கும், அதைத் தொட்டா எல்லாம் அழிஞ்சிடும். பூட்டு விழாம, விரல் இன்னும் மைக் மேலேயே இருந்தா, விரலை எடுக்காம இடது பக்கமா இழுங்க. அப்பவும் போகாது.

ஆக, தொடறதுக்கு முன்னாடி ஒரு பார்வை: மைக்கா, அம்பா?

sorry Annie Warren

திங்கட்கிழமை அம்மாவுக்கு இப்படி ஒண்ணு வந்துச்சு. யாரு இந்த ஆனின்னு அம்மா அரை மணி நேரம் யோசிச்சாங்க. நீங்க சொன்னது ‘சரி அண்ணி, வரேன்’.

ஏன்னா போன்ல மைக் ரெண்டு இருக்கு. பச்சை வட்டத்து மைக் உங்க குரலை அப்படியே அனுப்பும். எழுத்துப் பலகையோட மேல் வரிசையில சின்னதா இன்னொரு மைக் இருக்கு, அது நீங்க பேசறதைக் கேட்டு எழுத்தா மாத்தும். பலகை இங்கிலீஷ்ல இருக்கும்போது நீங்க தமிழ்ல பேசினா, காதுல விழுந்ததுக்கு நெருக்கமான இங்கிலீஷ் வார்த்தையா தேடிப் போட்டுடும்.

பலகையில கீழே நீளமா இருக்கிற கட்டையைப் பாருங்க, வார்த்தைக்கு நடுவுல இடம் விடறோமே அது. அது மேல ‘தமிழ்’னு இருந்தா பேசலாம். ‘English’னு இருந்தா, அதுக்கு இடது பக்கம் இருக்கிற உலக உருண்டை படத்தை ஒரு தடவை தொடுங்க, தமிழ் வந்துடும். பேசி முடிச்சதும் வந்ததை ஒரு தடவை படிச்சிட்டு அம்பைத் தொடுங்க.

கொம்பு முன்னாடி போன கதை

இது நிஜமாவே உங்க தப்பு இல்லை. பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்ட பழக்கம். ‘கொஞ்சம்’னு தாள்ல எழுதும்போது கொம்பைப் போட்டுட்டு அப்புறம்தான் ‘க’ எழுதுவோம். போன்ல அப்படி வரிசையா அடிச்சா ‘ெகாஞ்சம்’னு உடைஞ்சு விழும். எழுத்து இல்லாம கொம்பு தனியா நிக்கிற இடத்துல புள்ளிப் புள்ளியா ஒரு வட்டமும் தெரியும்.

போனுக்கு எப்பவும் எழுத்து முதல்ல, குறி அப்புறம். ‘க’வைத் தொடுங்க, அப்புறம் ‘ொ’ குறியைத் தொடுங்க, ‘கொ’ வந்துடும். கொம்பையும் காலையும் தனித்தனியா தேட வேண்டாம். கே, கை எல்லாத்துக்கும் இதே வரிசை. புள்ளியும் அப்படித்தான், ‘ஞ’ தொட்டுட்டுப் புள்ளி தொட்டா ‘ஞ்’. புள்ளி வட்டம் கண்ணுல பட்டா, வலது ஓரத்துல பெருக்கல் குறி போட்ட அம்பு இருக்கும். அதை ஒவ்வொரு தடவையா தொட்டா ஒவ்வொண்ணா அழியும். வட்டம் போனதும் மறுபடி அடிங்க.

hjjjkkl,,,mm மாதிரி வந்தது

போனை அப்படியே கைப்பைக்குள்ள போட்டிருப்பீங்க. திரை எரிஞ்சுக்கிட்டு, குரூப்பும் திறந்தே இருந்தா, பைக்குள்ள எது உரசினாலும் போன் அதை விரல்னு நினைக்கலாம். வேலை முடிஞ்சதும் பக்கவாட்டுல இருக்கிற பொத்தானை ஒரு தடவை அழுத்தித் திரையை அணைச்சிட்டுப் பையில போடுங்க. ரெண்டு பொத்தான்ல நீளமா இருக்கிறது சத்தத்துக்கு, குட்டையா இருக்கிறதுதான் இதுக்கு.

ஈரக் கையும் ஒரு காரணம். பாத்திரம் கழுவிட்டு வந்து தொட்டா திரை ஒரு தொடுதலை மூணா எண்ணும். தலைப்புல கையைத் துடைச்சிட்டுத் தொடுங்க, திரையையும் ஒரு தடவை துடைங்க. அப்புறம், எழுத்து மேல விரலை இழுக்காதீங்க. இழுத்தா அது ஒரு முழு வார்த்தைன்னு நினைச்சு அதுவா எதையோ போடும். கொத்தமல்லியைக் கிள்ளற மாதிரி, தொட்டு எடுத்தா போதும்.

பாதியிலேயே போற மெசேஜுக்கு வேற காரணம். அடுத்த வரிக்குப் போக நீங்க தொடற வளைஞ்ச அம்பு, அனுப்பற வேலையைச் செஞ்சுக்கிட்டு இருக்கு. வாட்ஸ்அப்ல Settings, அதுக்குள்ள Chats, அங்க Enter is send. அதுக்கு நேரா இருக்கிற பொத்தானை அணைக்கணும். தம்பி சனிக்கிழமை வரும்போது அணைச்சிடுவான், நீங்க தேட வேண்டாம்.

தப்பா போயிடுச்சுன்னா

அந்த மெசேஜ் மேல விரலை ரெண்டு விநாடி வச்சிருங்க, அது நிறம் மாறும். மேலே குப்பைத்தொட்டி வரும், அதைத் தொடுங்க. Delete for everyone, Delete for me ரெண்டும் காட்டும். முதல்ல சொன்னதைத்தான் தொடணும். ரெண்டாவதைத் தொட்டா உங்க போன்ல மட்டும் மறையும், எங்க எல்லாருக்கும் அப்படியே இருக்கும். ரெண்டு நாளுக்குள்ள அழிச்சிடணும். அழிச்ச இடத்துல அழிச்சதா ஒரு வரி நிக்கும், அதை மறுபடி அழிக்கப் பார்க்காதீங்க.

ஒரு எழுத்துதான் தப்புன்னா அழிக்கக்கூட வேண்டாம். அனுப்பின 15 நிமிஷத்துக்குள்ள அதே மாதிரி அழுத்திப் பிடிச்சு, மேலே மூணு புள்ளியைத் தொட்டா Edit இருக்கும். அதுல போய் திருத்தலாம். திருத்தலைன்னாலும் பரவாயில்லை, நம்ம குடும்பத்துல யாரு கோவிச்சுக்கப் போறாங்க.

பழகிப் பார்க்கத் தனி இடம் ஒண்ணு உங்க போன்ல இருக்கு. புது மெசேஜ் எழுத ஆளைத் தேடற பட்டியல்ல உங்க பேரே இருக்கும், பக்கத்துல Youன்னு போட்டிருக்கும். அங்க எழுதினா உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. இன்னைக்குச் சாயங்காலம் அங்க ‘கொய்யா’ன்னு மட்டும் அடிச்சுப் பாருங்க. க, ொ, ய, புள்ளி, ய, ா. வட்டம் இல்லாம வந்துடுச்சுன்னா அதையே குரூப்புலயும் போடுங்க, நாங்க பார்த்துக்கிட்டே இருக்கோம்.