ஒரே சனி, இரண்டு தேதி

அறிவியல் மன்றத்துப் பிள்ளைகளுக்கும், கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம். வெளியே மழை விட்டிருக்கிறது. மேகம் விலகினால் மொட்டை மாடியில் தொலைநோக்கி வைப்பதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். அதுவரை பேசிக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

முதலில் ஒரு கேள்வி. 2023-இல் சனிப்பெயர்ச்சி எந்தத் தேதியில் நடந்தது? உங்கள் வீட்டுக் காலண்டர் திருக்கணிதப்படி என்றால் ஜனவரி 17. திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. அங்கே விழா நடந்தது டிசம்பர் 20. ஒரே சனி, ஒரே கும்ப ராசி, நடுவில் பதினோரு மாதம். கோயிலில் விழா நடந்த அன்று, திருக்கணிதக் கணக்கில் சனி கும்பத்துக்குள் ஏறத்தாழ எட்டு டிகிரி போயிருந்தது. முழுநிலா அரை டிகிரி அகலம். அப்படிப் பதினாறு நிலாவை வரிசையாக வைத்தால் எவ்வளவோ அவ்வளவு.

நான் பிறந்தது ஜாதகம் பார்க்கும் வீடு. தாத்தா திருவல்லிக்கேணியில் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வார். அதே தாத்தாதான் எனக்குத் திருவாதிரையையும் கார்த்திகையையும் விரல் நீட்டிக் காட்டினார். பிற்பாடு நான் இயற்பியல் படித்தேன், முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். 'சோதிடம் பொய், வானியல் மெய்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டு உட்கார என்னால் முடியாது. முடிவு அதுதான் என்றாலும், கதை அவ்வளவு சுருக்கமில்லை.

வேர் எங்கே இருக்கிறது? பாபிலோனில் களிமண் பலகைகளில் வானத்தை எழுதி வைத்தார்கள். நிலா இப்படி மறைந்தால் அரசனுக்கு ஆபத்து, வெள்ளி இந்த மாதம் எழுந்தால் விளைச்சல் என்று ஆயிரக்கணக்கான நிமித்தங்கள். அரசனின் உயிர் பற்றிய பயம் இல்லாவிட்டால் நூற்றாண்டுக் கணக்கில் இரவு இரவாக யார் விழித்திருந்து குறித்திருப்பார்கள்? அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் கிரகணம் எப்போது திரும்பும் என்ற கணக்கே பிறந்தது. பயம் விதைத்தது, கணக்கு முளைத்தது.

நம் பக்கம் வாருங்கள். புறநானூற்றில் 229-ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. பங்குனி மாதம், நடு இரவு. வளைந்த பனை போன்ற அனுடம், குளம் போன்ற புனர்பூசம் என்று நட்சத்திரங்களின் இடத்தை வரிசையாகச் சொல்கிறார். ஒரு எரிமீன் விழுகிறது. 'நம் அரசன் நோயில்லாமல் இருக்க வேண்டுமே' என்று நெஞ்சு பதைக்கிறது. ஏழாம் நாள் சேரமான் இறந்துபோகிறான். பாட்டின் முன்பாதியைப் பாருங்கள், துல்லியமான வான நோக்கு. பின்பாதி நிமித்தம். இரண்டுக்கும் நடுவே புலவர் ஒரு கோடும் போடவில்லை. அன்றைக்கு இரண்டையும் பார்த்தவனுக்கு ஒரே பெயர்: கணியன்.

வடமொழி நூல்களும் அப்படித்தான். வானக் கணக்கான கணிதம், நிமித்தம் சொல்லும் சம்ஹிதை, ஜாதகம் பார்க்கும் ஹோரை மூன்றும் சேர்ந்ததுதான் ஜோதிடம். ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் ஐந்து சித்தாந்தங்களைத் தொகுத்து ஒரு கணக்கு நூல் எழுதினார், ஜாதகம் பார்க்க பிருஹத் ஜாதகமும் எழுதினார். ஹோரை, கேந்திரம் என்ற சொற்கள் கிரேக்கத்திலிருந்து வந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்; சோதிடம் முழுக்க நம் சொத்து என்று பெருமைப்படுகிறவர்களும், முழுக்க நம் மூடத்தனம் என்று வெட்கப்படுகிறவர்களும் கொஞ்சம் ஆறலாம். ஆனால் 499-ஐ ஒட்டிய ஆரியபட்டரின் நூலில் ஜாதகமே கிடையாது. கிரகணம் நிழலால் வருகிறது என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகிறார். ராகு, கேது என்பவை நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால் கிரகணம். பாம்பு கதையை எடுத்துவிட்டாலும் கணக்கு நிற்கும்.

இந்தக் கூட்டுக் குடும்பம் உங்கள் போனுக்குள்ளும் இருக்கிறது. ஞாயிறுக்கு அடுத்து ஏன் திங்கள், அதற்கு அடுத்து ஏன் செவ்வாய்? மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை அடுக்குங்கள்: சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கிரகம் அதிபதி. முதல் மணி சனிக்கு என்றால் 22-ஆம் மணியும் சனிக்கு, 23 குருவுக்கு, 24 செவ்வாய்க்கு. மறுநாள் முதல் மணி? சூரியன். ஆகவே ஞாயிறு. இன்னொரு 24 மணி எண்ணுங்கள், திங்கள் வரும். 24-ஐ ஏழால் வகுத்தால் மீதி மூன்று, அவ்வளவுதான் ரகசியம். கடவுளே வேண்டாம் என்பவரும் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுப்பது சோதிடர் போட்ட வரிசையில்தான்.

சரி, எங்கே பிரிந்தார்கள்? பழைய கிரேக்க வானியலாளர் தாலமி வானக் கணக்குக்கு ஒரு நூல், பலனுக்கு இன்னொரு நூல் என்று இரண்டு எழுதினார். முதலாவது உறுதியானது, இரண்டாவது அவ்வளவு உறுதியில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். அவருடைய நியாயமும் முட்டாள்தனமில்லை. சூரியனால் பருவம் மாறுகிறது, நிலாவால் கடல் ஏறி இறங்குகிறது; அப்படியிருக்க மற்ற கிரகங்கள் மட்டும் சும்மாவா இருக்கும்? நீங்களும் அன்றைக்கு இருந்திருந்தால் தலையாட்டியிருப்பீர்கள்.

கெப்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். கிராட்ஸ் ஊரில் வேலை பார்த்தபோது 1595-க்கான காலண்டரில் கடுங்குளிரும் துருக்கியர் படையெடுப்பும் வரும் என்று எழுதினார். இரண்டும் வந்தன, பெயரும் வந்தது. தளபதி வாலன்ஸ்டைனுக்கு ஜாதகம் கணித்தார். சோதிடத்தில் பெரும்பகுதி குப்பை என்று திட்டினார், முழுவதையும் தூக்கி எறிய மனமும் வரவில்லை. ஆனால் செவ்வாய்க் கணக்கில் அவர் செய்ததைப் பாருங்கள். டைக்கோ பிராகேயின் அளவுகளோடு தன் கணக்கு எட்டு கலை வித்தியாசப்பட்டது. அறுபது கலை சேர்ந்தால் ஒரு டிகிரி; எட்டு கலை அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அந்த எட்டு கலைக்காக வருஷக்கணக்கில் போட்ட கணக்கைத் தள்ளிவிட்டு, வட்டப் பாதையையே கைவிட்டு, நீள்வட்டத்துக்குப் போனார்.

எனக்குப் பிரிவு அங்கேதான் தெரிகிறது. கணக்கும் வானமும் ஒத்துப்போகாதபோது எதைத் திருத்துவது? கெப்ளர் கணக்கைத் திருத்தினார். அதே கெப்ளர் பார்த்த ஜாதகத்தில் பலன் தவறினால் திருத்த எந்த வழியும் இல்லை. 'வேறு கிரகம் பார்த்திருக்கும்' என்று எப்போதும் ஒரு கதவு திறந்தே இருந்தது. 1687-இல் நியூட்டன் ஈர்ப்பு விதியைக் கொண்டுவந்தார். கடல் ஏறுவதற்குக் காரணம் கிடைத்தது, ஆனால் அந்தக் காரணத்துக்குள் உங்கள் கல்யாண யோகத்துக்கு இடமில்லை. யாரும் பெரிய வாதம் நடத்தி சோதிடத்தைத் தோற்கடிக்கவில்லை. பல்கலைக்கழகங்கள் மெல்ல மெல்ல அதைப் பாடத்திலிருந்து விட்டுவிட்டன.

இந்தச் சண்டை நம் வீட்டுக்குள்ளும் நடந்தது. வாக்கியப் பஞ்சாங்கத்தின் வேர், 683-இல் கேரளத்தில் ஹரிதத்தர் தந்த பரகித முறை வரை போகிறது. நிலாவின் இடத்தை 248 நாளுக்கு 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்தார்கள். வாக்கியத்தின் எழுத்துதான் எண்ணைக் குறிக்கும். நிலா பூமிக்கு மிக அருகில் வந்து மறுபடி அருகில் வர 27.55 நாள், ஒன்பது முறை என்றால் கிட்டத்தட்ட சரியாக 248. என்ன அழகான தேர்வு! சென்னை வானாய்வகத்தில் பொறுப்பிலிருந்த ஜான் வாரன் 1825-இல் ஒரு நூல் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணக்கர் சோழிகளைத் தரையில் பரப்பி, வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிந்திருக்கிறார். தொடக்க நேரத்தில் வந்த பிழை நான்கு நிமிஷம். முடிவில் ஐம்பத்திரண்டு. ஏட்டையும் எழுத்தாணியையும் தொடாமல்.

ஆனால் சின்னப் பிழை நூற்றாண்டுகளில் வட்டி போட்டு வளரும். இதைக் கண்டுபிடிக்க வெள்ளைக்காரர் வர வேண்டியிருக்கவில்லை. கேரளத்துப் பரமேசுவரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, பழைய எண்களைத் திருத்தி, 1431-இல் 'திருக்கணிதம்' தந்தார். இந்தப் பெயரில் இருப்பது 'திரு' இல்லை, பிள்ளைகளா. 'திருக்' என்றால் பார்வை. பார்த்துப் போட்ட கணக்கு. சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற காலண்டரில் நவீன அறிவியலின் முதல் பாடம் அச்சாகியிருக்கிறது, நாம்தான் அதை மரியாதைச் சொல் என்று நினைத்துக்கொண்டோம்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நுங்கம்பாக்கம். வானிலை மையத்து வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது, தமிழ் எழுத்தும் அதில் உண்டு. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே வானாய்வகம் கட்டியது. கம்பெனிக்கு வேண்டியது கப்பலுக்கும் நில அளவைக்கும் தீர்க்கரேகை. யாருடைய ஜாதகமும் இல்லை. வாடிக்கையாளர் மாறினால் தொழிலும் மாறும். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெடிகுலி என்ற ஒளிமாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். அதே மனிதர் திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். கண் வைத்தது தொலைநோக்கியில், கை எழுதியது பஞ்சாங்கம். எங்கள் தாத்தாவுக்கு அவர் பெயர் தெரிந்திருந்தால் ரொம்பப் பிடித்திருக்கும்.

திருக்கணிதம் சரி என்றால் அதன் ஜாதகப் பலனும் சரியா என்று கேட்பீர்கள். அங்கேதான் ஜாக்கிரதை. சனி எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது அங்கே இருப்பதால் எனக்கு வேலை போகுமா என்பது வேறு கேள்வி. வானியற்பியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகரின் குழு மகாராஷ்டிரத்தில் இரண்டாவது கேள்வியைச் சோதித்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என்று இரு சாராரின் ஜாதகங்களைக் கலந்து, எது யாருடையது என்று கேட்டார்கள். முடிவு 2009-இல் வெளிவந்தது. பதில் தந்த 27 சோதிடர்களின் கணிப்பு 46 சதவீதம் சரி. காசு சுண்டினால் 50.

கேலி செய்யச் சொல்லவில்லை. உங்கள் அம்மா பஞ்சாங்கம் பார்த்தால் பிடுங்கி எறியாதீர்கள். வாங்கிப் பாருங்கள், அன்றைய திதியையும் நட்சத்திரத்தையும் எழுதிவைத்துக்கொண்டு ராத்திரி மாடிக்குப் போய் நிலா அங்கே இருக்கிறதா என்று சரிபாருங்கள். பொங்கலை உத்தராயணத் தொடக்கம் என்கிறோமே, சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21-ஐ ஒட்டி. இந்த இருபத்துச் சொச்சம் நாள் எங்கே போனது என்று வீட்டில் கேளுங்கள். பூமியின் அச்சு பம்பரம் போலத் தலையாட்டுவதால், 72 வருஷத்துக்கு ஒரு டிகிரி நழுவிய கணக்கு அது.

செயலாளர் கை காட்டுகிறார், மேகம் விலகிவிட்டதாம். சனி இப்போது தெற்கே, நல்ல உயரத்தில் இருக்கும். திருக்கணிதக்காரர்கள் மீனம் என்பார்கள், வாக்கியக்காரர்கள் இன்னும் கும்பம் என்பார்கள். இந்த 2025 நவம்பரில் அதன் வளையம் நமக்குக் கிட்டத்தட்ட விளிம்பாகத் திரும்பியிருக்கிறது, கோடு கிழித்த மாதிரிதான் தெரியும். படி ஈரமாக இருக்கிறது, பார்த்து ஏறுங்கள்.