அரவை மற்றும் எவாப்பரேட்டர் இயக்கக் குறிப்பு: ஷிப்ட் சூப்பர்வைசர்களுக்கு

ஆங்கிலக் குறிப்பில் உள்ள விவரங்களே இங்கே தமிழில் இருக்கின்றன. மில் ஹவுஸ், பாய்லிங் ஹவுஸ் இரண்டின் சூப்பர்வைசர்களும் முழுவதையும் படிக்க வேண்டும். மில்லில் ஊற்றும் ஒவ்வொரு டன் தண்ணீரையும் எவாப்பரேட்டர்தான் கொதிக்கவைத்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அதனால் ஒருவர் வால்வைத் திருகினால் அது மற்றவருக்கும் தெரிய வேண்டும்.

அரவை

நம் ஆலையின் அரவைத் திறன் நாளொன்றுக்கு 3500 டன், அதாவது மணிக்கு சுமார் 145 டன். இந்த வேகம் சீராக இருப்பதே முக்கியம். ஒரு மணி நேரம் 170, அடுத்த மணி நேரம் 120 என்று ஓட்டினால் சராசரி சரியாக வரும். ஆனால் சாறு, சுண்ணாம்பு, நீராவி எல்லாம் தடுமாறும். கேரியரில் கரும்பு மெத்தை ஒரே உயரத்தில் இருக்கட்டும்.

ஃபைப்ரைசரிலிருந்து வரும் கரும்பு பஞ்சுபோலப் பிரிந்திருக்க வேண்டும். முழுத் துண்டுகள் கண்ணில் பட்டால் சுத்தியல்கள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். அதைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த நிறுத்தத்தில் மாற்றச் சொல்லவும். தயாரிப்பு சரியில்லாவிட்டால் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் சாறு முழுதாக வராது.

இம்பிபிஷன் தண்ணீர் நாரின் எடையில் 200 சதவீதம். கரும்பில் நார் 14 சதவீதம் என்றால் மணிக்கு சுமார் 40 டன். வெப்பநிலை 65 டிகிரி. இந்தத் தண்ணீர் நான்காவது மில்லுக்கு முன் சக்கைமேல் விழும். நான்காவது மில்லின் சாறு மூன்றாவதுக்கும், மூன்றாவதின் சாறு இரண்டாவதுக்கும் திரும்பிப் போகும். தண்ணீர் மெத்தையின் முழு அகலத்திலும் சமமாக விழுகிறதா என்று நேரில் போய்ப் பார்க்கவும், மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பக்கம் குழாய் அடைத்திருந்தாலும் மீட்டர் 40 என்றே காட்டும்.

கடைசிச் சக்கையில் போல் 2 சதவீதத்துக்குள், ஈரம் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரம் கூடினால் பாய்லரில் தீ மந்தமாகும், நீராவி குறையும், அப்புறம் எவாப்பரேட்டர்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மில்லைச் சுற்றிப் புளித்த வாடை, சாறு ஓடும் தொட்டியில் வழவழப்பு தெரிந்தால் உடனே சுடுநீரும் நீராவியும் கொண்டு கழுவவும். அந்தக் கிருமிகள் சர்க்கரையைத் தின்று டெக்ஸ்ட்ரானை உண்டாக்கும். சாறு பிசுபிசுத்துப் போய் பானில் சர்க்கரை படிய நேரமாகும். ஷிப்டுக்கு ஒரு முறை கழுவுவது கட்டாயம்.

ரோலரில் சக்கை சிக்கினால், மில்லை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, சாவியை உங்கள் கையில் வாங்கிய பிறகே ஆளை அருகில் விடவும். அவசரம் என்று யார் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எவாப்பரேட்டர்

தெளிசாறு சுமார் 14 பிரிக்ஸில் வருகிறது, 62 பிரிக்ஸில் சிரப்பாகப் போக வேண்டும். 100 டன் தெளிசாற்றில் சுமார் 77 டன் தண்ணீர் இங்கே போகிறது. நான்கு பாடிகளில் முதலாவதற்கு மட்டுமே எக்ஸாஸ்ட் நீராவி. முதல் பாடியில் எழும் ஆவி இரண்டாவதைச் சூடாக்கும், அது மூன்றாவதை, அப்படியே நான்காவது வரை. இதனால் ஒரு டன் நீராவி ஏறத்தாழ நான்கு டன் தண்ணீரை வெளியேற்றும். பானில் அதே ஒரு டன் நீராவிக்கு ஒரு டன் தண்ணீர்தான் போகும். சிரப் 55 பிரிக்ஸில் போனால், 100 டன் தெளிசாற்றுக்குக் கூடுதலாக சுமார் 3 டன் தண்ணீர் பானில் போய்க் கொதிக்கும். அதனால்தான் சிரப் பிரிக்ஸை இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

கடைசிப் பாடியின் வேக்கம் 25 முதல் 26 அங்குலம். குறைந்தால் முதலில் கன்டன்சர் தண்ணீரின் அளவையும் சூட்டையும் பாருங்கள், பிறகு காற்றுக் கசிவை: பார்வைக் கண்ணாடி, பம்ப் கிளாண்ட், ஃபிளாஞ்ச். வேக்கம் நன்றாக இருந்தும் முதல் பாடியின் நீராவி அழுத்தம் ஏறி, பிரிக்ஸ் இறங்கினால் டியூபில் படிவு ஏறிவிட்டது. நீராவியை மேலும் திறப்பது அதற்கு மருந்தல்ல. காஸ்டிக் கொதிப்புக்கு நாள் குறிக்கச் சொல்லவும்.

சாற்று மட்டம் டியூப் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் வைத்தால் ஆவியோடு சாறும் பறந்து போகும். கன்டன்சேட்டை மணிக்கொரு முறை ஆல்ஃபா நாப்தாலில் சோதிக்கவும். ஊதா வளையம் தெரிந்தால் அந்தக் கன்டன்சேட்டைப் பாய்லருக்குப் போகாமல் உடனே திருப்பவும், காரணம் பிறகு தேடலாம். பாய்லரில் சர்க்கரை போனால் அமிலமாகி, நுரைத்து, டியூபைக் கெடுக்கும்.

மில் நின்றால்

இம்பிபிஷன் வால்வை உடனே மூடி, பாய்லிங் ஹவுஸுக்குப் போன் செய்யவும். அங்கே நீராவியைக் குறைத்து, சாறு தீரும் முன் முதல் பாடிக்குத் தண்ணீர் விட வேண்டும். அந்தச் சூட்டில் சாறு தேங்கினால் நிறம் ஏறும், சர்க்கரை சிதையும். மீண்டும் அரவை தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு இன்னொரு போன். இரண்டு அழைப்புகளின் நேரத்தையும் இரு பக்கப் பதிவேட்டிலும் எழுதவும்.