தொழில்முனைவோர் உருவாக்கப்படுகிறார்களே! – அணித் தொடக்க உரை

நடுவர் அவர்களுக்கும், எதிரணித் தோழர்களுக்கும், வணிகவியல் மன்றத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

தொழில்முனைவோர் பிறக்கிறார்களா, உருவாக்கப்படுகிறார்களா என்பதே இன்றைய கேள்வி. துணிச்சலும் சுறுசுறுப்பும் சிலருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அதை மறுக்க நாங்கள் இங்கே வரவில்லை. அந்தத் துணிச்சல் ஒரு தொழிலை நடத்திக் காட்டப் போதுமா என்பதுதான் எங்கள் வழக்கு. போதாது என்கிறோம்.

"வியாபாரம் ரத்தத்தில் ஊறியது" என்று எதிரணி சொல்லும். அப்படிச் சொல்லும்போது நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர்கள் நகரத்தார்தான். பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கலில் கொடிகட்டிப் பறந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை எப்படித் தயாரித்தார்கள்? கப்பலேற்றி, கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக உட்கார வைத்தார்கள். எடுபிடி வேலை, பேரேடு, வட்டிக் கணக்கு எல்லாம் அங்கேதான் படிந்தன. தேறியவன் அடுத்தாள் ஆனான். அதிலும் தேறியவனே மேலாளாகப் பொறுப்பேற்றான். ரத்தமே போதும் என்று அவர்கள் நம்பியிருந்தால், பெற்ற பிள்ளையை எதற்காகப் பெட்டியடியில் உட்கார வைத்தார்கள்?

இனி திருப்பூருக்கு வாருங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு இளைஞர் மாதம் 5,000 டி-ஷர்ட் தைக்கிறார். துணி, தையல், பேக்கிங் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 180 ரூபாய் அடக்கம். விற்பது 200 ரூபாய்க்கு. மாதம் ஒரு லட்சம் லாபம் என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார். ஆனால் வாங்குபவர் 90 நாள் கடன் கேட்கிறார். முதல் மாதக் கடைசியில் போன சரக்குக்கு நான்காம் மாதக் கடைசியில்தான் பணம் வரும். அதுவரை மாதம் 9 லட்சம் வீதம் 36 லட்சம் கையிலிருந்து இறங்க வேண்டும். அவர் வைத்திருப்பதோ 15 லட்சம். இரண்டாம் மாதம் முடியும் முன்பே, சனிக்கிழமைக் கூலிக்குக் காசில்லாமல் மெஷின் நின்றுவிடும். லாபத்தில் ஓடிய தொழில் இப்படித்தான் மூடப்படுகிறது.

இந்த இளைஞரிடம் துணிச்சல் குறைவா? இல்லை. நடைமுறை மூலதனத்தைக் கணக்கிட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யமில் அவர் பதிவு செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி வாங்குபவர் 45 நாளைத் தாண்டித் தவணை கேட்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. சட்டத்தைக் காட்டினால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். சிறு தொழில்களின் பில்லுக்குப் பணம் புரட்டித் தரும் டிரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் வாங்குபவரும் இருந்தால், பில்லை அங்கே ஏற்றி வட்டி கழித்துப் பணத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம். இதில் எந்த ஒன்றாவது தொப்புள்கொடி வழியாக வருமா?

கணக்கைக் கற்றுக்கொடுக்கலாம், மனத்தை மாற்ற முடியாது என்று சிலர் சொல்லக்கூடும். அதையும் நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1964-இல் ஆந்திராவின் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறு வணிகர்களுக்கு, ஹார்வர்ட் உளவியலாளர் டேவிட் மெக்லேலண்ட் வகுத்த சாதனை ஊக்கப் பயிற்சி அளிக்கப்பட்டது. சில நாள் பயிற்சிதான். அந்தப் பயிற்சி மரபில் வளையம் எறியும் விளையாட்டு ஒன்று உண்டு. கம்புக்குப் பக்கத்தில் நின்றால் எல்லா வளையமும் விழும், மதிப்பு இல்லை. வெகுதூரம் போனால் அதிர்ஷ்டம்தான் விழவைக்க வேண்டும். தன் கைக்கு எட்டுகிற, ஆனால் சற்றே கடினமான தூரத்தை அளந்து நிற்கக் கற்பதே பயிற்சி. பிறகு கண்காணித்தபோது, பயிற்சி பெறாதவர்களைவிடப் பெற்றவர்களே புதிய முதலீடு செய்வதிலும் ஆள் சேர்ப்பதிலும் முன்னே நின்றார்கள்.

எதிரணியின் கையில் ஒரு வலுவான ஆயுதம் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் இரட்டையர்களை வைத்துச் செய்து 2008-இல் வெளியான ஆய்வு, தொழில்முனையும் நாட்டத்தில் ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ பாதியை மரபணு விளக்குவதாகச் சொல்கிறது. நல்ல ஆய்வு. ஆனால் அது அளந்தது யார் தொழிலில் இறங்குகிறார் என்பதை; இறங்கியவர் தாக்குப்பிடிக்கிறாரா என்பதை அல்ல. மீதிப் பாதி மரபணுவுக்கு வெளியே இருக்கிறது என்பதும் அதே ஆய்வின் முடிவுதான்.

ஆகவே எதிரணித் தோழர்களிடம் ஒரே ஒரு கேள்வி. அந்தத் திருப்பூர் இளைஞருக்கு இன்னும் கொஞ்சம் பிறவித் துணிச்சல் இருந்திருந்தால், இரண்டாம் மாதக் கடைசிச் சனிக்கிழமைக் கூலியை எங்கிருந்து கொடுத்திருப்பார்? உங்கள் முதல் பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடரட்டும்.