ஏணியில் பாதுகாப்பாக ஏறி இறங்குதல்: காலை நேரப் பாதுகாப்பு உரை

(மேடவாக்கம் அடுக்குமாடி வேலையிடம், காலை 8 மணி. பேசுபவர் ஏணியை அருகில் வைத்துக் காட்ட வேண்டும்.)

அனைவருக்கும் வணக்கம். நேற்றிரவு பெய்த மழையில், இன்னும் படிக்கட்டு போடாத முதல் மாடிக்கு ஏறும் இடம் முழுவதும் சேறாகிவிட்டதால், இன்று ஏணியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கடந்த வாரம் நம் கொத்தனார் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தபோது, ஏணியின் ஒரு காலுக்கு முட்டாக வைத்திருந்த செங்கல் புரண்டு ஏணி சரிந்தது. சாரக் கம்பைப் பிடித்துக்கொண்டதால் அவர் தப்பினார். அந்தச் செங்கலை வைத்தது யார் என்று நான் கேட்கப் போவதில்லை; அவசரத்தில் கைக்கு எட்டுவது செங்கல்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இனி, தரை மேடு பள்ளமாக இருந்தால் மண்ணைச் சமன் செய்து, அகலமான பலகை போட்டு, அதன்மேல்தான் ஏணியின் இரு கால்களும் நிற்க வேண்டும்.

இந்த மர ஏணியைப் பாருங்கள். நான்காம் படிக்கு அருகே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதன் அடியில் விரிசல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்பதால், இதை இப்போதே ஒதுக்கி வைக்கிறோம். மூங்கில் ஏணியில் கயிற்றுக் கட்டு தளர்ந்திருக்கிறதா என்றும், அலுமினிய ஏணியில் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்றும் ஏறுவதற்கு முன் பாருங்கள்.

அடுத்தது சாய்வு. ஏணி சாயும் இடம் 12 அடி உயரம் என்றால், அதன் கால் சுவரிலிருந்து அந்த உயரத்தில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 3 அடி தள்ளி இருக்க வேண்டும். அளவு நாடா தேவையில்லை: கால் விரல்கள் ஏணியின் அடியைத் தொட நிமிர்ந்து நின்று கைகளை நேராக நீட்டினால், தோள் உயரத்துப் படியில் உள்ளங்கை பதிய வேண்டும். மாடியில் இறங்குபவர் பிடித்துக்கொள்வதற்காக ஏணி தளத்துக்கு மேல் 3 அடி நீண்டிருக்க வேண்டும். அதன் தலைப்பகுதியைக் கயிற்றால் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும் வரை கீழே ஒருவர் பிடித்திருக்கட்டும்.

ஏறும்போது முகம் ஏணியைப் பார்த்தே இருக்க வேண்டும். இரு கைகள், இரு கால்களில் மூன்று எப்போதும் ஏணியில் பதிந்திருக்க வேண்டும். சிமெண்ட் சட்டியைத் தூக்கிக்கொண்டு இது முடியாது. கயிறு கட்டி மேலே இழுங்கள். சேறு ஒட்டிய செருப்புடன் யாரும் ஏறக் கூடாது. தெருப்பக்கம் மின்கம்பி போவதால், அங்கே அலுமினிய ஏணியைக் கொண்டுபோகவே கூடாது.

இப்போது கேள்விகள். நான் கைகாட்டுபவர் பதில் சொல்லட்டும்; தயங்கினால் பக்கத்திலிருப்பவர் ஏணியில் செய்து காட்டலாம்.

1. 16 அடி உயரத்தில் ஏணி சாய்ந்தால், அதன் கால் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்?
2. பெயிண்ட் அடித்த மர ஏணியை ஏன் ஒதுக்கினோம்?
3. கலவைச் சட்டி மாடிக்கு எப்படிப் போக வேண்டும்?
4. ஏணி தளத்துக்கு மேல் எத்தனை அடி நீண்டிருக்க வேண்டும், எதற்காக?
5. தெருப்பக்கச் சுவரில் வேலை என்றால், எந்த ஏணியைத் தொடக் கூடாது?