ஹட்டன் டவுன் சலோனுக்கு ஸ்டைலிஸ்ட் இரண்டு பேர் தேவை

ஹட்டன் டவுனில் இருக்கும் எங்கள் லேடீஸ் சலோனுக்கு, தொழில் பழகிய பெண்கள் இரண்டு பேர் உடனடியாகத் தேவை. ஒருவர் ஹெயார் கட், கலரிங், ரிபொண்டிங் எல்லாவற்றையும் தனியாகச் செய்யக்கூடிய சீனியர். மற்றவருக்கு கட்டிங், த்ரெடிங், பேஷியல் தெரிந்திருந்தால் போதும். சாரி உடுத்தவும் கொண்டை போடவும் கை வந்தால் இன்னும் நல்லது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் கொழும்பில் போய் இந்தத் தொழிலைப் பழகி, போர்டிங் காசும் சாப்பாட்டுக் காசும் போக கையில் ஒன்றும் மிஞ்சாமல் இருக்கிறார்கள். டிக்கோயா, நோர்வூட், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் வீட்டிலிருந்தே வந்து போகக்கூடியவர்களைத்தான் முதலில் எதிர்பார்க்கிறேன்.

காசு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீனியருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 38,000 ரூபா, மற்றவருக்கு 32,000. அதற்கு மேல் கமிஷன். கட்டிங், த்ரெடிங், பேஷியலில் பில் தொகையில் 30 வீதம் செய்தவருக்கு. கலரிங், ரிபொண்டிங், கெரட்டின் என்றால் சாமான் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் 40 வீதம் உங்களுக்கு, 60 வீதம் கடைக்கு. ரிபொண்டிங் பில் 12,000, கிரீம் செலவு 3,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 8,500. அதில் உங்கள் பங்கு 3,400 ரூபா. மணப்பெண் அலங்காரத்தில் சாமான் செலவு போக பாதிக்குப் பாதி. டிப்ஸ் முழுக்க உங்களுக்கே, அதில் நான் கை வைப்பதில்லை.

ஒவ்வொரு நாளும் கடை பூட்டும் முன் அன்றைய பில்லும் சாமான் செலவும் கொப்பியில் எழுதி, நீங்களும் நானும் கையெழுத்து வைப்போம். கமிஷன் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனிக்கிழமை. சம்பளம் 5ஆம் திகதி. ஈ.பி.எஃப். உங்கள் பக்கம் 8 வீதம், எங்கள் பக்கம் 12 வீதம். ஈ.டி.எஃப். 3 வீதமும் நாங்களே கட்டுவோம். வெறும் கமிஷனுக்கு ஆள் எடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, வேலை குறையும். அந்த மாதங்களிலும் உங்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை, நடுவில் ஒரு மணித்தியாலம் சாப்பாட்டுக்கு. புதன் லீவு. செவ்வாய் பிற்பகல் 2 மணியோடு முடியும். மொத்தம் கிழமைக்கு 45 மணித்தியாலம். போயாவுக்குக் கடை பூட்டு. சனி, ஞாயிறு கட்டாயம் வர வேண்டும், அதில் மாற்றம் இல்லை. பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கம் போகிறவர்கள் பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்பதற்காக 5 மணிக்குப் பிறகு ரிபொண்டிங் மாதிரி நீண்ட வேலை எடுப்பதில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முந்திய கிழமையில் மட்டும் இரவு 8 வரை போகும். அதற்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம், வீடு வரை த்ரீவீல் நாங்கள் பிடித்துத் தருவோம். விடியற்காலை மணப்பெண் வேலைக்கும் அப்படித்தான், வாகனம் வீட்டுக்கே வரும்.

பயிற்சிக்கு ஒவ்வொரு செவ்வாயும் 9 முதல் 11 வரை கஸ்டமர் எடுக்க மாட்டோம். அதுவும் சம்பள நேரம்தான். கொழும்பில் பழகியவர்களுக்கும் இங்கே புதிதாகக் கற்றுக்கொள்ள இருக்கிறது. இங்கே வருகிறவர்களில் பலர் நாளும் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்கள், மருதாணியும் போட்டிருப்பார்கள். தலையை நன்றாக அலசி, ஈரமான ஒரு முடியை விரலில் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். நீண்டு, திரும்பிச் சுருங்காமல் நின்றால் அந்தத் தலைக்கு அன்று ரிபொண்டிங் கிடையாது, கஸ்டமர் எவ்வளவு கேட்டாலும் சரி. கலர் போட 48 மணித்தியாலத்துக்கு முன் காதுக்குப் பின்னால் டெஸ்ட் பண்ணாமல் எங்கள் கடையில் டை கலக்க விடமாட்டேன். இந்தக் கவனம் உள்ள பிள்ளைக்கு மற்றதை எல்லாம் நான் பக்கத்தில் நின்று சொல்லித் தருவேன். முதல் மூன்று மாதம் கெமிக்கல் வேலை எதையும் தனியாகச் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் கமிஷன் முதல் நாளிலிருந்தே உண்டு.

என்.வி.கியூ. லெவல் 3 அல்லது 4 இருந்தால் கொண்டுவாருங்கள். சான்றிதழ் இல்லாமல் கடையில் நின்றே பழகியவர்களும் தாராளமாக வரலாம். ஒரு வருடம் எங்களோடு இருந்தால், அனுபவத்தை வைத்து நைட்டா மூலம் என்.வி.கியூ. எடுக்க விண்ணப்பிக்கும் செலவை நான் ஏற்கிறேன். பயிற்சிக்கென்று காசு பிடிப்பதோ, பொண்ட் எழுதி வாங்குவதோ, அடையாள அட்டையை வாங்கி வைப்பதோ இல்லை. விலகுவதாக இருந்தால் ஒரு மாதத்துக்கு முன் சொன்னால் போதும். கல்யாணமானவர்கள், சின்னப் பிள்ளை உள்ளவர்களும் வரலாம். தமிழோடு சிங்களத்திலும் கஸ்டமரிடம் ஓரளவு கதைக்கத் தெரிய வேண்டும்.

விருப்பமுள்ளவர்கள் இந்தப் பக்கத்துக்கு மெசேஜ் போடுங்கள். பெயர், ஊர், எத்தனை வருட அனுபவம், நீங்கள் செய்த வேலையின் படம் இரண்டு மூன்று அனுப்பினால் போதும். வியாழன், வெள்ளியில் அரை நாள் வந்து வேலை செய்து காட்டலாம். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த அரை நாளுக்கு 1,500 ரூபா தருவோம். கத்தரிக்கோல் உங்களுடையதையே கொண்டுவாருங்கள். வேலை அடுத்த மாதம் முதலாம் திகதி தொடங்குகிறது.